சிறப்புரைக்கு அழைக்கும் மின்னஞ்சல்: விசாரிப்பா, இணைப்புக் கடிதமா, முழு அழைப்பா?

கல்லூரி மன்றத்தின் செயலராக இருக்கும் ஒரு மாணவர், வெளியூரில் இருக்கும் ஓர் அறிஞரைச் சிறப்புரைக்கு அழைக்க வேண்டும். அவரை முன்பின் தெரியாது. கையில் இருப்பது அவருடைய மின்னஞ்சல் முகவரி மட்டும். இப்படி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதலில் நாலு வரியில் "வர முடியுமா" என்று விசாரித்துவிட்டு மற்றதைப் பிறகு சொல்வது ஒரு வழி. முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து இணைத்து, "இணைப்பில் காண்க" என்று அனுப்புவது இன்னொரு வழி. மின்னஞ்சலிலேயே எல்லா விவரத்தையும் எழுதி முழு அழைப்பாக அனுப்புவது மூன்றாவது.

துறை மன்றத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருப்பதால், மாணவர்கள் எழுதும் இந்த வரைவுகள் எல்லாம் என் பார்வைக்கு வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் புதுச் செயலர் கேட்கிறார். என் பதில் மூன்றாவது வழி. ஆனால் மற்ற இரண்டும் ஏன் பலரை ஈர்க்கின்றன, எங்கே அவை தேவைப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு நிற்கும்.

பேச ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி, வரலாற்றுத் துறையின் மாணவர் மன்றம். அழைக்கப்படுபவர் தொல்லியல் துறையில் கல்வெட்டாய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையில் வசிக்கிறார். பேச வேண்டியது தமிழ் பிராமி என்றும் அழைக்கப்படும் பழைய தமிழி எழுத்துகளை வாசிக்கும் முறை பற்றி. நாள் 2026 பிப்ரவரி 18, புதன்கிழமை.

முதல் வழியில் மாணவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> வணக்கம் ஐயா. நான் மதுரையில் உள்ள கல்லூரி ஒன்றின் வரலாற்று மன்றச் செயலர். பிப்ரவரி மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம். அதில் தாங்கள் சிறப்புரை ஆற்ற வர முடியுமா? தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்.

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெரியவரை நீளமான கடிதத்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணத்தில்தான் மாணவர்கள் இப்படி எழுதுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இதைப் படித்து அவரால் "சரி" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரியில் எந்த நாள்? எதைப் பற்றிப் பேச வேண்டும்? எத்தனை நேரம்? கேட்பவர்கள் யார்? மதுரைக்கு எப்படி வருவது, எங்கே தங்குவது? இவற்றையெல்லாம் அவர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மடல் போகும், ஒரு மடல் வரும். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள், மடல் கீழே போய்விடுகிறது. பதில் வராததை மாணவர் மறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். அவர் மறுக்கவே இல்லை. முடிவெடுக்க அவரிடம் ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

விசாரிப்பு மடலில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. குறுகிய மடல் என்பதால் ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு அனுப்பிவிடும் ஆசை வருகிறது. இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டால் ஒருவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கல்வெட்டுத் துறை போன்ற சிறிய வட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். துறைக்கு அடுத்த பத்தாண்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

விசாரிப்பு பொருந்துகிற ஓர் இடம் உண்டு. துறையில் யாரோ ஒரு பேராசிரியருக்கு அந்த அறிஞரை நேரில் பழக்கம் என்றால், அவர் போன் போட்டு "எங்கள் பிள்ளைகள் உங்களுக்கு எழுதுவார்கள்" என்று சொல்லி வைப்பது நல்லது. நம் ஊரில் மூத்தவர்களை அழைக்கும் வழக்கமே அதுதான். ஆனால் அந்தப் பேச்சு முடிந்த அன்றைக்கே முழு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். போனில் சொன்ன தேதி நினைவில் நிற்காது.

இரண்டாவது வழி கல்லூரி அலுவலகத்துக்குப் பிடித்த வழி. கல்லூரியின் லெட்டர்பேடில் தட்டச்சு செய்து, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி இணைத்துவிடுவார்கள். மின்னஞ்சலில் "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். அழைப்புக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் இருக்கும்.

கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அழைப்பது ஒரு மாணவர் மட்டும் அல்ல, நிறுவனம் என்று அது சொல்கிறது. கல்லூரிக் கோப்புக்கும் அது வேண்டும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது நிகழ்ச்சிக் கோப்பில் அழைப்புக் கடிதம், வருகைப் பதிவு, புகைப்படம், அறிக்கை எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஆனால் படிப்பவர் பக்கம் போய்ப் பாருங்கள். அவர் அதைச் செல்போனில் திறக்கிறார். ஏ4 தாள் ஐந்தங்குலத் திரையில் சுருங்கி நிற்கிறது. விரல்களால் விரித்து, இடமும் வலமும் நகர்த்தி, தேதியைத் தேட வேண்டும். செல்போன் கேமராவில் எடுத்த ஸ்கேன் என்றால் பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் விரல் நிழல் விழுந்திருக்கும். தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் திறக்கவே தயங்குபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தயங்குவது சரியும்கூட. இரண்டு வாரம் கழித்து அவர் "மதுரை" என்று தன் அஞ்சல் பெட்டியில் தேடினால் அந்தக் கடிதம் கிடைப்பதும் நிச்சயமில்லை. எழுத்துகள் படமாக இருக்கின்றன, மடலிலோ ஊர்ப் பெயரே இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல கல்லூரி அலுவலகங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் கடிதம் தட்டச்சாகிறது. அங்கிருந்து வாக்கியங்களை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், எதிர்முனையில் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கோவை தெரியும். அனுப்பியவரின் கணினியில் அந்த எழுத்துரு இருந்தாலும், மடலைப் பெறுபவரின் செல்போனில் அது இருக்காது. அதனால் மின்னஞ்சலை யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அனுப்புவதற்கு முன் நண்பர் ஒருவரின் முகவரிக்கு அனுப்பி அவருடைய செல்போனில் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வழியில் அழைப்பு முழுவதும் மடலின் உடலிலேயே இருக்கிறது. இணைப்பு எதுவும் இல்லை. எங்கள் நிகழ்ச்சிக்கு அது இப்படி அமையும். அனுப்பும் நாள் ஜனவரி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> தலைப்பு: சிறப்புரை அழைப்பு, 18 பிப்ரவரி 2026, மதுரை: தமிழிக் கல்வெட்டு வாசிப்பு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் மதுரை (கல்லூரியின் பெயர்) வரலாற்றுத் துறையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். துறை மாணவர் மன்றத்தின் செயலராக இருக்கிறேன். எங்கள் மன்றம் நடத்தும் ஆண்டுக் கருத்தரங்கில் சிறப்புரை ஆற்ற வருமாறு தங்களை அழைக்கிறேன். துறைத்தலைவர், மன்ற ஒருங்கிணைப்பாளர் இருவரின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். இருவருக்கும் இம்மடலின் நகல் செல்கிறது.
>
> சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பு மாங்குளம் குகைத்தளக் கல்வெட்டுகளை நேரில் பார்த்து வந்தது. எழுத்துகளை அடையாளம் காண ஓரளவு பழகியிருந்தோம். நெடுஞ்செழியன் பெயர் வரும் இடத்தை எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் குறிலா நெடிலா என்பது எழுத்தில் தெளிவாகத் தெரியாத இடங்களில், ஒரு சொல்லை இன்னது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது விளங்கவில்லை. பல ஆண்டுகள் களத்தில் கல்வெட்டுகளைப் படியெடுத்து வாசித்த தங்களிடமிருந்து அதைக் கேட்க விரும்புகிறோம். "தமிழிக் கல்வெட்டை வாசிக்கும் முறை" என்ற தலைப்பைக் கருதியுள்ளோம். தாங்கள் விரும்பியவாறு அதை மாற்றிக்கொள்ளலாம்.
>
> நாள்: 18 பிப்ரவரி 2026, புதன்கிழமை. அன்று இயலாதெனில் 25 பிப்ரவரி, புதன்கிழமையும் அரங்கம் எங்களுக்கு உண்டு.
> நேரம்: நிகழ்ச்சி காலை 10.30க்குத் தொடங்கும். தங்கள் உரை 10.50 முதல் 11.50 வரை. பின்னர் அரை மணி நேரம் மாணவர் கேள்விகள்.
> இடம்: கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், தரைத்தளம்.
> கேட்போர்: வரலாறு, தமிழ்த் துறைகளின் மாணவர்கள் சுமார் 120 பேரும் ஆசிரியர்களும். உரை தமிழில் அமையலாம். புரொஜெக்டரும் கரும்பலகையும் உண்டு.
>
> தங்கள் பயணச் செலவைத் துறை ஏற்கிறது. 17ஆம் தேதி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டடுக்கு ஏ.சி. வகுப்பில் டிக்கெட் எடுத்துத் தருகிறோம். காலையில் மதுரை நிலையத்தில் நானும் ஓர் ஆசிரியரும் தங்களை வரவேற்போம். கல்லூரி விருந்தினர் இல்லத்தில் அறை ஒதுக்கியுள்ளோம். அன்றிரவே அதே ரயிலில் திரும்பலாம். துணைக்கு ஒருவர் வருவதாயின் அவருக்கும் இந்த ஏற்பாடுகள் பொருந்தும். மதிப்பூதியமாக 6,000 ரூபாய் வழங்கத் துறை ஒப்புதல் அளித்துள்ளது.
>
> தங்கள் முடிவை ஜனவரி 12, திங்கட்கிழமைக்குள் தெரிவித்தால், பொங்கல் விடுமுறைக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட முடியும். தாங்கள் இசைந்தவுடன் முதல்வர் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதத்தை அனுப்பிவைப்போம். தொலைபேசியில் பேச விரும்பினால் கீழே உள்ள எண்களில் எந்நேரமும் அழைக்கலாம்.
>
> மிக்க நன்றி.
>
> இப்படிக்கு,
> (மாணவர் பெயர்)
> செயலர், வரலாற்று மன்றம்
> (கல்லூரியின் பெயர்), மதுரை
> செல்போன்: (மாணவர் எண்)
> மன்ற ஒருங்கிணைப்பாளர்: (ஆசிரியர் பெயர், எண்)

செல்போனில் இது நாலைந்து திரை வரும். நீளம் என்று மாணவர்கள் தயங்குவார்கள். படிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆனால் படித்து முடிக்கும்போது அவர் கேட்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. "வருகிறேன்" என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். விசாரிப்பு மடலைப் படிக்க அரை நிமிடம் போதும், ஆனால் பதில் எழுதக் கால் மணி நேரம் வேண்டும். அவருடைய நேரத்தை எது மிச்சப்படுத்துகிறது என்று கேட்டால் முழு மடல்தான்.

இந்த மடலில் எடையைத் தாங்குவது இரண்டாவது பத்தி. மாணவர்கள் வழக்கமாக அந்த இடத்தில் "தங்களின் ஆழ்ந்த புலமையும் அளப்பரிய அனுபவமும் எங்கள் மாணவர்களுக்கு வழிகாட்டியாக அமையும்" என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை ஒரு மருத்துவருக்கும் அனுப்பலாம், ஒரு வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கு அது தெரியும். அதற்குப் பதிலாக மாங்குளம் போய் வந்ததையும், படிக்க முடிந்தது எது, முடியாதது எது என்பதையும் சொல்லும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு எந்த அளவில் பேச வேண்டும் என்று அவருக்குப் பிடிபடுகிறது. மாங்குளம் போன்ற முற்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தோடு சேரும் ஒரு சிறு கோடு அகரத்தையும் குறிக்கும், ஆகாரத்தையும் குறிக்கும். க என்று படிப்பதா, கா என்று படிப்பதா என்பதை அந்தச் சொல்லும் அது வரும் சூழலும்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சிக்கலைத் தொட்டுக் கேட்கும் மாணவருக்கு ஒரு கல்வெட்டாய்வாளர் பதில் எழுதாமல் இருப்பது கடினம். கேள்வி உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. போகாத மலைக்குப் போனதாக எழுதினால் அரங்கில் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேரத்தை இரண்டாகப் பிரித்து எழுதியதற்கும் காரணம் உண்டு. "நிகழ்ச்சி 10.30" என்று மட்டும் எழுதினால், அவர் பத்தரைக்கே பேசத் தொடங்குவதாக நினைத்து ஒன்றரை மணி நேரத்துக்குத் தயார் செய்துகொண்டு வருவார். நம் மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பேச்சாளர் அறிமுகம் எல்லாம் முடிய இருபது நிமிடம் குறையாது. உணவு இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் எழுந்துவிடும். அவருக்கு உண்மையில் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை முதல் மடலிலேயே சொல்வதுதான் நேர்மை. கேள்வி நேரத்தைத் தனியாகக் குறிப்பிட்டால் அதையும் உரையே தின்றுவிடாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு தேதி கொடுப்பதா, இரண்டு கொடுப்பதா என்பதில் மாணவர்கள் குழம்புகிறார்கள். "தங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவது பணிவாகத் தோன்றும். ஆனால் அவர் சொல்லும் நாளில் அரங்கம் கிடைக்காவிட்டால், கேட்டுவிட்டு மறுத்தது போல் ஆகும். ஒரே தேதி என்றால் அன்றைக்கு வேறு வேலை இருந்தால் கதை முடிந்தது. முதல்வர் அலுவலகத்தில் அரங்கத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, ஒரே கிழமையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்களைக் கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு மேல் நாட்கள் கொடுத்தால் நிகழ்ச்சி இன்னும் உறுதியாகவில்லை என்ற எண்ணம் வந்துவிடும்.

பதிலுக்குக் கெடு வைப்பது மரியாதையா என்று ஒவ்வொரு செயலரும் கேட்பதுண்டு. காரணத்தோடு வைத்தால் மரியாதைதான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாட்களாக இருந்தது. பிப்ரவரி 17 இரவு வண்டிக்கு டிசம்பரிலேயே முன்பதிவு தொடங்கிவிடும், மதுரை வண்டிகளில் இரண்டடுக்கு ஏ.சி. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், வயதானவருக்குக் கீழ்ப் படுக்கையும் வேண்டும். ஜனவரி 12க்குள் பதில் கேட்பது இதற்காகத்தான். அவர் வர இயலாது என்று சொன்னாலும், அடுத்த பெயருக்கு எழுத அதன்பின் ஐந்து வாரம் இருக்கிறது. கெடு ஒன்று இருந்தால் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப வேண்டிய கட்டாயமும் போய்விடும்.

மதிப்பூதியத்தை எழுதலாமா கூடாதா என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மூத்த ஆசிரியர்கள் சிலர், பணத்தைப் பற்றி மாணவர் எழுதுவது அழகில்லை, உறையில் வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதாமல் விட்டால், கேட்கக் கூச்சப்படுபவர் பேருந்துக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டு வந்து போவார். இன்னொருவர் அதிகமாக எதிர்பார்த்து வந்து ஏமாறுவார். துறை எவ்வளவு ஒதுக்கியிருக்கிறதோ அந்தத் தொகையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தொகை இல்லாத மன்றம் என்றால் "பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு, மதிப்பூதியம் வழங்கும் நிலையில் மன்றம் இல்லை" என்று எழுதட்டும். அதைப் படித்தும் வருபவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு எண், பான் எண் போன்றவற்றை முதல் மடலில் கேட்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்ட பின், டிக்கெட்டுக்கான வயதையும் பெயரையும் கேட்கும்போது கேட்டுக்கொள்ளலாம். தொகையை ரொக்கமாகக் கொடுப்பதானால், 5,000 ரூபாயைத் தாண்டும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று காலை ஸ்டாம்ப் தேடி ஓடாமல் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யாருடைய முகவரியிலிருந்து அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. துறைக்கோ மன்றத்துக்கோ கல்லூரிப் பெயருடன் ஒரு முகவரி இருந்தால் அதுதான் சிறந்தது. மாணவரின் சொந்த ஜிமெயில்தான் இருக்கிறது என்றால், பள்ளியில் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர் இல்லாமல், தன் பெயரும் இனிஷியலும் வரும் முகவரியாக இருக்க வேண்டும். எப்படியானாலும் ஒருங்கிணைப்பாளரும் துறைத்தலைவரும் நகலில் இருக்க வேண்டும், அதுவும் மறைநகலில் இல்லாமல் வெளிப்படையான நகலில். தன்னை அழைப்பது துறைக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று அவர் பார்த்ததும் அறிகிறார். செயலர் தேர்வுக்காக விடுப்பில் போனாலும் பதில் தவறிப்போகாது. பேச்சாளர் "அனைவருக்கும் பதில்" என்பதை அழுத்தாமல் மாணவருக்கு மட்டும் எழுதினால், அதை அன்றே ஆசிரியர்களுக்கு அனுப்பிவைப்பது மாணவரின் வேலை.

மொழியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உரை எந்த மொழியிலோ அழைப்பும் அந்த மொழியில். தமிழில் பேசப் போகிறவரை ஆங்கிலத்தில் அழைத்தால், உரையும் ஆங்கிலத்தில் வேண்டுமோ என்று அவர் ஐயப்படுவார். பெயரை மட்டும் அவர் தன் நூல்களில் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும். இனிஷியலைத் தமிழில் எழுதுபவருக்கு ஆங்கில இனிஷியலைப் போட்டால் உறுத்தும்.

தலைப்பு வரியில் "அழைப்பு" என்று மட்டும் போட்டால் திருமண அழைப்பிலிருந்து விளம்பரம் வரைக்கும் எல்லாவற்றோடும் கலந்துவிடும். செல்போனில் தலைப்பின் தொடக்கம் மட்டும்தான் தெரியும் என்பதால், சிறப்புரை, தேதி, ஊர் மூன்றும் முதலில் வர வேண்டும். கல்லூரியின் நீளமான பெயர் உள்ளே இருந்தால் போதும்.

முழு மடல் மட்டும் போதாத ஒரு நிலை இருக்கிறது. அழைக்கப்படுபவர் ஓய்வு பெறாமல், தொல்லியல் துறையிலோ வேறு அரசுத் துறையிலோ இன்னும் பணியில் இருக்கிறார் என்றால், அவர் வேலை நாளில் வெளியூர் வந்து பேச மேலதிகாரியின் அனுமதி தேவைப்படலாம். அதற்கு அவர் தன் அலுவலகத்தில் காட்ட ஒரு தாள் வேண்டும். மாணவரின் மின்னஞ்சல் அந்த இடத்தில் நிற்காது. அப்போது முழு மடலோடு முதல்வர் கடிதத்தையும் முதல் நாளே இணைத்துவிட வேண்டும். கடிதம் யாருக்கு முகவரியிடப்பட வேண்டும், அவருக்கா அவருடைய துறைத் தலைவருக்கா என்று மடலிலேயே கேட்டு, தேவையானால் மாற்றித் தருவதாக எழுத வேண்டும். அனுமதி கிடைக்க நாளாகும் என்பதால் ஆறு வாரம் போதாது, இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குவது பாதுகாப்பு. இங்கே இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் சேர்ந்துகொள்கின்றன. ஆனாலும் மடலின் உடல் குறையக் கூடாது: கடிதம் அலுவலகத்துக்கு, மடல் அவருக்கு.

கெடு நாள் வந்தும் பதில் இல்லை என்றால் புதிய மடல் எழுத வேண்டாம். அனுப்பிய மடலையே திறந்து, அதற்குப் பதிலாக மூன்று வரி போதும்: "ஐயா, வணக்கம். ஜனவரி 5 அன்று அனுப்பிய அழைப்பு தங்கள் பார்வைக்கு வந்திருக்கும் என நம்புகிறேன். நாளை காலை 11 மணியளவில் தங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா?" பழைய மடல் கீழேயே இருப்பதால் அவர் தேட வேண்டியதில்லை. மறுநாள் போனில் பேசுவதை ஒருங்கிணைப்பாளர் தொடங்கி வைத்து மாணவரிடம் கொடுத்தால் இரு பக்கமும் இயல்பாக இருக்கும்.

வர இயலாது என்று பதில் வந்தால், அன்றே நன்றி எழுதுங்கள். அந்த மடலில் வேறு தேதி கேட்டு வற்புறுத்துவதா, வேறு ஒருவரைப் பரிந்துரைக்கக் கேட்பதா என்பதில் நான் இரண்டாவதையே சொல்வேன். இரண்டு தேதிகளைப் பார்த்த பிறகும் மறுத்தவருக்கு மூன்றாவது தேதி சங்கடத்தைத்தான் தரும். "இந்தப் பொருளில் மாணவர்களுக்குப் பேசக்கூடிய ஒருவரைத் தாங்கள் சொன்னால் அவரை அணுகுவோம்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயரும் எண்ணும் வரும். அடுத்தவருக்கு எழுதும்போது இரண்டாவது பத்தியின் முதல் வரியில், இன்னார் சொல்லித் தங்களுக்கு எழுதுகிறோம் என்று, முன்னவரின் அனுமதியோடு, சேர்த்துக்கொள்ளலாம்.